வீட்டு அறையில் பாடம் பதிவு செய்யும்போது குரல் முழங்காமல் இருக்க

கேள்வி: 12-க்கு 10 அடி அறையில் உட்கார்ந்து பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்கிறேன். டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். மைக் லேப்டாப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது. ஃபோம் எதுவும் வாங்காமல் வீட்டிலிருக்கும் கம்பளி, திரைச்சீலை வைத்துச் சரிசெய்ய முடியுமா? மைக்கை எங்கே வைக்க வேண்டும்?

பதில்:

முடியும். ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலில் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். அடுத்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிடுங்கள். ஜன்னல் திரை, தரைவிரிப்பு எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மைக்கை இரண்டடி தள்ளியே வைத்துவிட்டு, கண்ணில் படும் சுவரிலெல்லாம் துணியை மாட்டி, "இவ்வளவு செய்தும் போகவில்லையே" என்று சோர்ந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்பது மலையடிவாரத்தில் கூப்பிட்டால் திரும்பி வருகிறதே, அந்த எதிரொலி அல்ல. ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 செ.மீ. தூரம் போகும். 12 அடி அறையில் நீங்கள் சொன்ன ஒரு சொல் சுவரில் பட்டுத் திரும்ப அதிகம் போனால் 21 மில்லி விநாடிதான் ஆகும். அதைத் தனி ஒலியாகக் காது பிரித்துக் கேட்காது. ஆறு பக்கமும் மோதி மோதி வருவதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, சொல்லுக்குப் பின்னால் ஒரு வாலாக நீள்கிறது. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். நேரில் பேசும்போது இரண்டு காதுகளும் சேர்ந்து, குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகின்றன. ஒற்றை மைக்கால் அப்படி ஒதுக்க முடியாது. அதனால்தான் அறையில் இருக்கும்போது தெரியாத முழக்கம் பதிவில் பளிச்சென்று தெரிகிறது.

இனி தூரத்தைப் பார்ப்போம். வாயிலிருந்து நேராக மைக்குக்கு வரும் குரல், தூரம் பாதியானால் 6 டெசிபல் ஏறும். அறையில் சுற்றிக்கொண்டிருக்கும் முழக்கமோ, மைக் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே மைக் அருகே வர வர நேர்க்குரல் மேலே போகும், முழக்கம் இருந்த இடத்திலேயே நிற்கும். லேப்டாப் பக்கத்தில் இருக்கும் மைக் உங்கள் வாயிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நேர்க்குரல் 9.5 டெசிபல் கூடுகிறது. பதிவின் அளவை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால், முழக்கம் அதே 9.5 டெசிபல் கீழே போய்விடும். ஒரு துணிகூட மாட்டாமல் கிடைக்கும் லாபம் இது. மூன்று தடித்த கம்பளிகளோடு மெத்தை, திரை, விரிப்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சேர்த்தால்கூடக் கிடைப்பது சுமார் 6 டெசிபல்தான். அந்தக் கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன்.

மைக்கை வைக்கும் விதம்

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தால் ஒரு சாண். மைக்குக்கும் உதட்டுக்கும் இடையே அந்த ஒரு சாண்தான் தூரம், அதாவது 15 முதல் 20 செ.மீ. ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சாண் போட்டுப் பார்த்துவிடுங்கள். அளவுகோல் தேட வேண்டியதில்லை. 10 செ.மீ.க்கும் கீழே போனால், ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகளில் குரலின் அடிப்பகுதி ஊதிப் பெரிதாகிவிடும். பாடம் கேட்பவருக்கு அது கொஞ்ச நேரத்தில் சலிப்பூட்டும்.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்க வேண்டாம். "ப", "ட" போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து பாயும் காற்று நேராக மைக்கில் அடித்து "டப்" என்று வெடிக்கும். வாயின் ஓரத்துக்குச் சற்று வெளியே, பக்கவாட்டில் 30 முதல் 45 பாகை தள்ளி வைத்து, மைக்கின் முகத்தை மட்டும் வாயை நோக்கித் திருப்புங்கள். காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும், குரல் அப்படியே வந்து சேரும். முகம் வீடியோவில் தெரிய வேண்டுமென்றால் வளையும் கையுள்ள ஸ்டாண்டில் மைக்கை மாட்டி, நெற்றிக்குச் சற்று மேலே, படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தி, கீழ்நோக்கி வாயைப் பார்க்கும்படி சாய்க்கலாம். அப்போது தூரம் 25, 30 செ.மீ. ஆகும். கொஞ்சம் இழப்புதான், ஆனால் தாங்கும்.

மைக்கின் முகம் எது என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். மேஜைமேல் நிற்கும் பல மைக்குகள் பக்கவாட்டில்தான் கேட்கும். அவற்றின் உச்சந்தலையை நோக்கிப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். பதிவை ஓடவிட்டு, ஒரே தூரத்தில் மைக்கைச் சுற்றி வந்து, "முன்", "வலம்", "பின்", "இடம்", "மேல்" என்று ஒரே அளவில் சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல் தெளிவாகவும் உரக்கவும் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் முகம். மைக்கில் பல வடிவக் குறிகளுக்கு ஒரு திருகு இருந்தால் இதய வடிவக் குறியைத் தேர்ந்தெடுங்கள். அது முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தை வெகுவாக ஒதுக்கும். வட்டக் குறி நான்கு பக்கமும் கேட்பது. இந்த அறையில் அது வேண்டாம்.

சட்டையில் குத்தும் காலர் மைக் வைத்திருந்தால், அவற்றில் பெரும்பாலானவை எல்லாப் பக்கமும் கேட்பவை. ஆனாலும் வாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் குத்தினால் தூரம் மாறாமல் இருக்கும். எழுந்து நின்று பலகையில் எழுதிக் கற்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. போனில் பதிவு செய்தால் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பு உங்களை நோக்கி இருக்க வேண்டும், உறையோ விரலோ அதை மூடக்கூடாது.

"டைனமிக் மைக் வாங்கினால் முழக்கம் வராது" என்று சொல்வார்கள். அந்த வகை மைக்கை எல்லோரும் வாயை ஒட்டி வைத்துப் பேசுவதால் வரும் பெயர் அது. அதையும் இரண்டடி தள்ளி வைத்தால் அதே கிணற்றுக் குரல்தான் வரும்.

மேஜையையும் கவனியுங்கள். உங்கள் வாய் மேஜைக்கு 40 செ.மீ. மேலேயும், மைக் 25 செ.மீ. உயரத்தில் அரை மீட்டர் தள்ளியும் இருந்தால், மேஜைப் பலகையில் பட்டு வரும் ஒலி நேர்க்குரலைவிட 30 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. அது நேர்க்குரலைவிட வெறும் 4 டெசிபல்தான் குறைவாக வந்து சேரும். இரண்டும் கலக்கும்போது 570 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி அடிபடும், அதற்கு மேலும் ஒழுங்கான இடைவெளியில் பள்ளங்கள் விழும். கேட்பதற்குக் குழாய்க்குள் பேசுவது போல இருக்கும். மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் இதே மேஜை ஒலி 12 டெசிபல் கீழே போய்விடும். மிச்சத்துக்கு, மேஜைமேல் ஒரு தடித்த துண்டை நான்காக மடித்து விரித்துவிட்டால் போதும். ஒலிக்கு மட்டுமல்ல, கை வைக்கும்போதும் பேனா உருளும்போதும் எழும் சத்தத்துக்கும் அது உதவும்.

கம்பளியை ஏன் முதுகுக்குப் பின்னால் மாட்ட வேண்டும்

மைக் உங்களைப் பார்க்கிறது. அப்படியானால் உங்கள் தோளுக்கு மேலாக அது பார்ப்பது உங்கள் பின்சுவரை. அந்தச் சுவரிலிருந்து கிளம்பி வரும் முழக்கம் மைக்கின் முகத்துக்கே நேராக வந்து நுழைகிறது. மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து வருவதோ அதன் முதுகில் படுகிறது. இதய வடிவ மைக் அதை ஏற்கெனவே பெருமளவு ஒதுக்கிவிடுகிறது. மைக்கின் பின்புறம் சின்னக் கேடயம் போல ஃபோம் வைப்பதைவிட, பேசுபவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பளி தொங்குவது அதிகப் பயன் தருவது இதனால்தான்.

தொங்கவிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கம்பளி ஒலியை "தடுப்பது" இல்லை. ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவு நூலிழைகளுக்குள் புகுந்து உராயும்போது ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகித் தேய்கிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுக்கு அசைய இடமே இல்லை. அங்கே ஆணியடித்துத் தட்டையாக ஒட்டிய துணி, கூர்மையான ஒலிகளை மட்டும் கொஞ்சம் தின்றுவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடும். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் சுமார் 850 ஹெர்ட்ஸில் அதன் பிடி நன்றாக இருக்கும். 17 செ.மீ. தள்ளினால் அந்தப் பிடி 500 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பேச்சின் உடம்பு இருக்கும் இடம் அதுதான். அதே துணிதான், இடைவெளி மட்டும் கூடுதல். செலவில்லாமல் கிடைக்கும் பயன்.

எந்தத் துணி என்று கேட்டால், வாயை ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடங்கலே இல்லாமல் போனால் அது மெல்லியது, ஒலியும் அப்படியே போய்விடும். காற்று போகவே இல்லையென்றால் ஒலியும் பட்டுத் திரும்பும். கொஞ்சம் சிரமப்பட்டு நுழைகிறது என்றால் அதுதான் வேண்டியது. கைக்குக் கனமான கம்பளி, பஞ்சு அடைத்த ரஜாய், இரண்டாக மடித்த பருத்திப் போர்வை எல்லாம் இந்தச் சோதனையில் தேறும். வெளிச்சம் புகாதபடி பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு பூசிய திரைகள் தேறாது. அவை கனமாக இருப்பதால் நல்லதென்று நினைத்து வாங்கிவிடுவார்கள். முட்டை அட்டையும் தெர்மகோலும்கூட இந்த வேலைக்கு உதவாது. முட்டை அட்டை மெல்லியது, சிறிது கூர்மையான ஒலியைத் தவிர எதையும் பிடிக்காது. தெர்மகோலின் குமிழ்கள் மூடியவை, காற்று உள்ளே போக வழியே இல்லை.

துணி காயவைக்கும் மடக்கு ஸ்டாண்டு இரண்டு இருந்தால் சுவரில் ஓட்டையே போட வேண்டாம். அவற்றை உங்கள் நாற்காலிக்குப் பின்னால், பாதி திறந்த புத்தகம் போல ஒரு கோணத்தில் நிறுத்தி, கம்பளிகளை மேலே போட்டுக் கிளிப் மாட்டுங்கள். நீங்கள் அந்தப் புத்தகத்தின் மடிப்புக்கு முன்னால், அரை மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். கம்பளியின் மேல் விளிம்பு உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலையைவிட ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். கழுத்தளவில் நின்றுவிட்டால், மைக் பார்க்கும் இடத்தில் பாதி வெறும் சுவராகவே இருக்கும். இப்படி நிறுத்துவதில் இன்னொரு வசதி, துணியின் இரண்டு பக்கமும் வேலை செய்யும். படத்தில் பின்னணி தெரியுமென்றால் முன்பக்கம் ஒரே நிறப் போர்வையைப் போட்டு, அதன் பின்னால் கனமான கம்பளியை மறைத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: சூடாகும் பழைய வகை விளக்குகள் துணிக்கு அருகே இருக்கக்கூடாது.

உங்கள் அறையைக் கணக்கிட்டுப் பார்த்தால்

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் பொறுப்பை இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைனிடம் கொடுத்தார்கள். அவர் செய்தது உங்கள் வேலைக்கு மிகவும் நெருங்கியது. பக்கத்திலிருந்த இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி முழுக்க அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து பிறந்த கணக்கைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் நேரம் விநாடிகளில் வரும். சிறிய அறைகளுக்கு இது தோராயம்தான், ஆனால் எது உதவும், எது உதவாது என்று முடிவெடுக்கப் போதும்.

உங்கள் அறை ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். உயரமும் 3 மீட்டர் என்று கொண்டால் கன அளவு 32.4 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 61 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் தங்கள்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். ஆக அத்தனை பரப்பும் சேர்ந்து கொடுப்பது 1.8 சதுர மீட்டர்தான். உங்கள் உடம்பு, கதவு, ஜன்னல், சாமான்கள் என்று ஒரு 1.2 சேர்த்தால் 3. நேரம் 1.7 விநாடி வருகிறது. பேச்சுப் பதிவுக்கு 0.3, 0.4 விநாடி இருந்தால் நன்றாக இருக்கும். இங்கே அதைப்போல நான்கு மடங்கு.

இப்போது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவில் மூன்று கனமான கம்பளிகளை இடைவெளி விட்டுத் தொங்கவிடுகிறோம்: இரண்டு முதுகுக்குப் பின்னால், ஒன்று உங்கள் எதிர்ச் சுவரில். மொத்தம் 9 சதுர மீட்டர். நடுத்தர ஒலிகளில் நூற்றுக்கு 60 பங்கு உறிஞ்சும் என்று எடுத்தால் 5.4. அதாவது மொத்தம் 8.4, நேரம் 0.62 விநாடி. கட்டில் மெத்தை ஒன்றை எடுத்து வெறுமையான பக்கச் சுவரில் சாய்த்தால் இன்னும் 1.6. ஜன்னல் சுவரில் கனமான திரையை நன்றாக மடிப்பு விட்டு 3 சதுர மீட்டர் தொங்கவிட்டால் 1.8. காலடியில் தடித்த விரிப்புக்கு 0.6. எல்லாம் சேர்ந்து 12.4. நேரம் 0.42 விநாடி. உறிஞ்சும் பரப்பு 3-லிருந்து 12.4 ஆனதால் முழக்கத்தின் அளவு குறைவது 6 டெசிபல். மைக்கை அருகே கொண்டுவந்ததன் 9.5-உம் சேர்ந்தால் 15-க்கு மேல். கிணற்றுக் குரலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் குரலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. முதல் கம்பளிதான் மிக அதிகம் செய்கிறது, 3-லிருந்து 4.8 ஆகும்போது நேரம் 1.7-லிருந்து 1.1-க்கு விழுகிறது. எட்டாவது கம்பளி மாட்டும்போது காதுக்குத் தெரியும் மாற்றம் மிகக் குறைவு. 0.4 விநாடி வந்துவிட்டால் நிறுத்திவிடலாம்.

திரை, தரை, எதிரெதிர்ச் சுவர்

ஜன்னல் திரையில் எல்லோரும் விடும் தவறு, கம்பியின் நீளத்துக்குச் சரியாக வாங்கி, இழுத்துத் தட்டையாக விடுவது. தட்டையாகத் தொங்கும் மெல்லிய திரை 500 ஹெர்ட்ஸில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத்தான் பிடிக்கும். கனமான துணியை இரண்டு மடங்கு அகலத்தில் எடுத்து, பாதியாகச் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும்படி விட்டால் அதே இடத்தில் 50 பங்குக்கு மேல் பிடிக்கும். ஒரே கம்பியில் இரண்டு ஜோடித் திரையை நெருக்கித் தள்ளினாலும் அந்த மடிப்பு கிடைத்துவிடும். ஜன்னல் அளவோடு நிறுத்தாமல் தரைவரை இறங்கினால் கண்ணாடியோடு சேர்த்துச் சுவரின் ஒரு பகுதியும் மூடும்.

மெத்தையை எந்தச் சுவரில் சாய்ப்பது என்பதற்குக் கைதட்டல் சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். "ட்ர்ர்ங்" என்று தகரம் அதிர்வது போல ஒரு மணியோசை தொடர்ந்தால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெறுஞ்சுவர்களுக்கு இடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். 3 மீட்டர் இடைவெளியில் அது விநாடிக்கு 57 முறை போய் வரும். இதை நிறுத்த இரண்டு சுவரையும் மூட வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில், தலை உயரத்தில் மெத்தையோ கம்பளியோ போதும். தரைக்கும் கூரைக்கும் இடையேயும் இப்படி நடக்கும். கூரையில் எதையும் மாட்டுவது சிரமம், தேவையுமில்லை. நாற்காலியும் மேஜையும் நிற்கும் இடத்தில் விரிப்பு இருந்தால் அந்தப் பந்தாட்டம் அறுந்துவிடும். துணி நிறைந்த அலமாரி இருந்தால் அதன் கதவுகளைத் திறந்துவிடுங்கள், அது ஒரு மெத்தைக்குச் சமம்.

சரியாகச் செய்தும் கேட்கச் சகிக்கவில்லையென்றால்

மெல்லிய துணியாகவே நிறைய மாட்டியவர்களுக்கு வரும் புகார், "முழக்கம் போய்விட்டது, ஆனால் குரல் மந்தமாக, பெட்டிக்குள் அடைத்தது போல் இருக்கிறது". மெல்லிய துணி மேலிருக்கும் கூர்மையான ஒலியை மட்டும் தின்கிறது. 200, 300 ஹெர்ட்ஸ் பகுதி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு மருந்து இன்னும் துணி மாட்டுவது அல்ல. இருக்கும் துணியில் சிலவற்றை எடுத்துவிட்டு, மற்றதை இரண்டாக மடித்து, சுவரிலிருந்து இன்னும் தள்ளித் தொங்கவிடுவதுதான். தலைக்கு மேல் போர்வையால் கூடாரம் கட்டிக்கொள்வதும் இதே மந்தக் குரலைத்தான் தரும். அதோடு 40 நிமிடப் பாடத்தை அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து சொல்லவும் முடியாது.

அதற்கும் கீழே, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடியொலியைக் கம்பளி தொடவே தொடாது. உங்கள் அறையின் நீளத்தில் 48 ஹெர்ட்ஸும் அகலத்தில் 57 ஹெர்ட்ஸும் நின்று அதிரும். அறையின் மூலைகளில் இது அதிகம். ஆகவே மூலையில் முதுகைக் கொடுத்து உட்காராதீர்கள், அறையின் நட்டநடுவிலும் வேண்டாம். நீளவாட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நாற்காலியைப் போடுங்கள். பதிவு மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி இருந்தால் போட்டுவிடலாம். பேச்சில் அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு கோளாறு அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும்: மைக்கின் அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி. நீங்கள் பேசும்போது அது அளவைக் குறைக்கிறது, மூச்சு வாங்கும் இடைவெளியில் ஏற்றுகிறது. அப்படி ஏற்றும்போது அறையின் வாலும் கூடவே மேலே வருகிறது. வாக்கியம் முடிந்த பிறகு முழக்கம் பொங்கி எழுவது போலக் கேட்டால் இதுதான் காரணம். அதை அணைத்துவிட்டு, நீங்கள் உரக்கப் பேசும் இடத்தில் அளவு காட்டும் மீட்டர் -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி கையால் வைத்துவிடுங்கள். பதிவுக்குப் பின் இரைச்சலை நீக்கும் வசதியை முழக்கத்துக்காகப் போடாதீர்கள். அது ஃபேன் சத்தம் போல ஒரே மாதிரி ஓடும் இரைச்சலைப் பிரித்தெடுக்கச் செய்தது. முழக்கமோ உங்கள் குரலின் நகல். அதைப் பிரிக்கப் போனால் குரலே தண்ணீருக்குள் பேசுவது போல் ஆகிவிடும்.

வெள்ளைப் பலகையில் எழுதிக் கற்பிக்கும் பாடத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பலகை கம்பளி மாட்ட வேண்டிய இடத்திலேயே நிற்கிறது, ஒலிக்கு அது கண்ணாடிச் சுவர். அப்போது காலர் மைக் குத்திக்கொண்டு, பலகையின் இரண்டு பக்கமும் கம்பளி ஸ்டாண்டுகளையும், பலகைக்கு எதிர்ச் சுவரில் மெத்தையையும் வையுங்கள். பலகையை நோக்கித் திரும்பிப் பேசும்போது குரல் மாறத்தான் செய்யும். எழுதி முடித்துத் திரும்பி நின்று விளக்குவதே இதற்கு வழி. தெருச் சத்தத்துக்கும் இந்த ஏற்பாடு எதையும் செய்யாது. கம்பளி அறைக்குள் சுற்றும் ஒலியை அடக்கும். வெளியிலிருந்து வருவதை நிறுத்தக் கனமும் காற்றுப் புகாத மூடலும் வேண்டும். ஜன்னலை இறுக்கி மூடி, மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பி உட்காருவதுதான் கையிலிருக்கும் வழி.

சோதித்துப் பார்க்க

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே வாக்கியத்தைப் பதிவு செய்யுங்கள். "பத்துப் பக்கம் படித்தபின் பட்டியல் போட்டுப் பார்" போல ஒவ்வொரு சொல்லும் வல்லெழுத்தில் தொடங்கும் வாக்கியம் நல்லது. சொற்களுக்கு இடையே வால் தெரியும். பிறகு ஒருமுறை கைதட்டிவிட்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஸ்பீக்கரில் கேட்டால் அதே அறையின் முழக்கம் மீண்டும் கலந்துவிடும். ஒப்பிடும்போது இரண்டு பதிவுகளின் குரல் அளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். உரக்கக் கேட்பதே நல்லதென்று காது ஏமாறும்.

எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால், அலைவடிவத்தை டெசிபல் அளவில் காட்டும் மென்பொருளில் அந்தக் கைதட்டலைத் திறந்து, உச்சி கழிந்ததும் 30 டெசிபல் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்கினால் அறையின் நேரம். வெறும் அறையில் அந்த இறக்கம் 0.8 விநாடியை ஒட்டி இருக்கும். எல்லாம் மாட்டிய பிறகு 0.2-ஐ ஒட்டி வர வேண்டும். 0.4-லேயே நின்றால் முதுகுக் கம்பளி சுவரோடு ஒட்டியிருக்கிறதா, திரை தட்டையாகத் தொங்குகிறதா என்று இரண்டையும் முதலில் பாருங்கள்.

நல்ல பதிவு கிடைத்த அன்றே நாற்காலிக் கால்கள், கம்பளி ஸ்டாண்டுகள், மைக் ஸ்டாண்டு நின்ற இடங்களில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். எந்தக் கம்பளி எந்த ஸ்டாண்டில், எத்தனை மடிப்பு என்பதையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடத்தின் குரல் முந்தைய பாடத்தோடு ஒட்டிப்போக இந்த டேப்பும் படமும்தான் உதவும்.